பிக்சலில் அடங்காத எண்கள்: பைத்தானில் படவடிகட்டி எழுதுவோரின் கேள்விகளுக்குப் பதில்

இங்கே பேசப்படுவது சொந்தமாக எழுதிய வடிகட்டியைப் பற்றி மட்டுமே. படத்தைத் திறக்கவும் சேமிக்கவும் `Pillow`, எண்களை அடுக்கி வைக்க `numpy`. மங்கலாக்குவதும் விளிம்பு காண்பதும் நம் கையால் எழுதிய கன்வல்யூஷன்: ஒவ்வொரு பிக்சலையும் அதன் அண்டைப் பிக்சல்களையும் கெர்னல் என்னும் சிறு எண் கட்டத்தால் பெருக்கிக் கூட்டுவது.

கேள்வி: ப்ளர் சரியாக வருகிறது ஐயா. அதே செயற்கூற்றில் விளிம்பு காணும் சோபெல் கெர்னலைக் கொடுத்தால், வெள்ளைப் பெட்டியின் இடது ஓரம் ஒரு சாம்பல் நிறத்திலும் வலது ஓரம் வேறொரு சாம்பல் நிறத்திலும் தெரிகின்றன. கெர்னல் தவறா?

கெர்னல் சரிதான். விடையை வாங்கி வைக்கும் அணிதான் தவறு. நீங்கள் அனுப்பிய நிரலில் `out = np.zeros_like(img)` என்ற வரி இருக்கிறது. படம் `uint8` வகை என்பதால் அந்த வரி உருவாக்கும் அணியும் `uint8` ஆகிவிடுகிறது. 0 முதல் 255 வரையான முழு எண்களைத் தவிர வேறெதையும் அது ஏற்காது.

ஒரு வரிசையை மட்டும் கையால் கணக்கிட்டுப் பார்ப்போம். பின்னணி 50, பெட்டி 200, மேலும் கீழும் உள்ள வரிசைகளும் இதேபோல் இருக்கின்றன என்று கொள்வோம். இடது ஓரத்தில் சோபெல் தரும் விடை (200 − 50) × 4, அதாவது 600. வலது ஓரத்தில் வெளிச்சம் குறைவதால் −600. இவ்விரண்டையும் `uint8` அணியில் வைக்கும்போது `numpy` எந்த எச்சரிக்கையும் தராமல் 256ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஆகவே 600 என்பது 88 ஆகவும், −600 என்பது 168 ஆகவும் மாறுகின்றன. நீங்கள் கண்ட இரண்டு சாம்பல் நிறங்கள் இவைதாம். ப்ளர் கெர்னலின் எண்கள் எல்லாம் நேர் எண்கள், அவற்றின் கூட்டுத்தொகை 1. எனவே விடை 0 முதல் 255 என்ற எல்லையைத் தாண்டுவதே இல்லை. பிழை அங்கேயும் இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

நிறமில்லாத சாம்பல் படத்துக்கு இதைத் தவிர்க்கும் வடிவம் இது:

```python
def convolve(img, kernel):
    k = np.flipud(np.fliplr(kernel))
    r, c = k.shape[0] // 2, k.shape[1] // 2
    h, w = img.shape
    p = np.pad(img.astype(float), ((r, r), (c, c)), mode="edge")
    out = np.zeros((h, w))
    for i in range(k.shape[0]):
        for j in range(k.shape[1]):
            out += k[i, j] * p[i:i+h, j:j+w]
    return out
```

கிடைத்திசை விடையையும் செங்குத்துத்திசை விடையையும் தனித்தனியே பெற்று, `np.hypot(gx, gy)` மூலம் இணைத்து, 4ஆல் வகுத்து, `np.clip` செய்த பிறகுதான் `uint8` ஆக்க வேண்டும். 4 ஏன் என்றால், நம் எடுத்துக்காட்டில் 600ஐ 4ஆல் வகுத்தால் 150 வருகிறது. 200க்கும் 50க்கும் உள்ள வேறுபாடும் அதுவே. பலர் படத்தின் உச்ச மதிப்பால் வகுக்கிறார்கள். அப்படிச் செய்தால் படத்தின் மூலையில் எரியும் ஒரு விளக்கு மற்ற எல்லா விளிம்புகளையும் இருட்டாக்கிவிடும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. அந்த 150 விளிம்பின் இரு பக்கத்துப் பிக்சல்களிலும் தோன்றும் என்பதையும் கவனியுங்கள். சோபெல் கோடு இரண்டு பிக்சல் தடிமனாக இருப்பது இயல்பு. அதைப் பிழை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: கைபேசியில் எடுத்த 4000 × 3000 படத்துக்கு 15 × 15 ப்ளர் போட்டேன். காபி குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை.

ஒவ்வொரு பிக்சலாகப் பைத்தான் சுற்றில் நடந்திருப்பீர்கள். மேலே உள்ள நிரல் பிக்சல்கள்மீது சுற்றுவதில்லை, கெர்னலின் எண்கள்மீது சுற்றுகிறது. 225 சுற்றுகள்தாம், ஒவ்வொரு சுற்றிலும் முழுப் படத்தையும் சற்று நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் வேலையை `numpy` செய்துவிடும்.

அதற்கும் மேலே ஒரு வழி உண்டு. காஸியன் ப்ளரை 15 எண்கள் கொண்ட ஒரு கிடை வரியாகவும் அதே 15 எண்கள் கொண்ட ஒரு செங்குத்து வரியாகவும் பிரிக்கலாம். முதலில் ஒன்று, அதன் விடையின்மீது மற்றொன்று. ஒரு பிக்சலுக்கு 225 பெருக்கல்கள் 30 ஆகக் குறைகின்றன, விடையோ அதேதான். சோபெலும் இப்படிப் பிரியும்: ஒரு திசையில் 1, 2, 1, மறு திசையில் −1, 0, 1. நினைவகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 1.2 கோடி பிக்சல்கள் `float64` வகையில் 96 எம்.பி. பிடிக்கும், `float32` போட்டால் அதில் பாதி.

கேள்வி: ப்ளர் செய்த படத்தைச் சுற்றி இருண்ட சட்டம் விழுகிறது.

வெளியே பூச்சியங்களை நிரப்பியிருக்கிறீர்கள். 5 × 5 சராசரியில், மூலைப் பிக்சலைச் சுற்றியுள்ள 25 இடங்களில் 9 மட்டுமே படத்துக்குள் இருக்கின்றன. 200 என்ற வெளிச்சம் 72 ஆகச் சரிகிறது. `mode="edge"` போடுங்கள். ஓரத்தை அப்படியே நீட்டுவதா, கண்ணாடிபோல் திருப்பி வைப்பதா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. படத்துக்கு வெளியே என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாத நிலையில் எதையும் சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. நீட்டினால் சோபெலில் ஓரத்துக்குக் குறுக்கே பொய்யான விளிம்பு எழாது என்பதற்காக நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: கெர்னலை எதற்குத் திருப்பிப் போடுகிறீர்கள்? நரம்பு வலைப்பின்னல் நூலகங்கள் எதுவும் திருப்புவதில்லை. தேவையில்லாத வரி அது.

பாதி சரி. அந்த நூலகங்கள் கன்வல்யூஷன் என்று அழைப்பது உண்மையில் கெர்னலைத் திருப்பாமல் செய்யும் கோரிலேஷன். அங்கே கெர்னலின் எண்களைப் பயிற்சியே கண்டுபிடிப்பதால், திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் இழப்பில்லை. நாமோ எண்களைக் கையால் எழுதுகிறோம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 5 × 5 அளவில் எல்லாம் பூச்சியமாக, நடுவில் மட்டும் 1 உள்ள படம் ஒன்றை எடுத்து, 1 முதல் 9 வரை வரிசையாக எழுதிய கெர்னலைக் கொடுங்கள். திருப்பியிருந்தால் நடுவில் 1, 2, 3 என்று தொடங்கி 9 வரை கெர்னல் அப்படியே அச்சாகும். திருப்பாவிட்டால் 9, 8, 7 என்று தலைகீழாக வரும். நான் எழுதும் எந்த வடிகட்டிக்கும் முதல் சோதனை இதுதான். அச்சுகள் இடம் மாறியிருந்தாலும், ஒரு பிக்சல் நகர்ந்திருந்தாலும் இதில் உடனே அகப்பட்டுவிடும்.

அவரே மீண்டும்: சோபெலில் இரண்டு வழியிலும் ஒரே படம்தான் வந்தது. சோதித்துவிட்டே சொல்கிறேன்.

வரும். சோபெலைத் திருப்பினால் குறி மட்டுமே மாறும், `np.hypot` குறியைப் பார்ப்பதில்லை. காஸியன் எல்லாப் பக்கமும் சமமானது, அதிலும் வேறுபாடு இராது. விளிம்பின் திசையை `np.arctan2` கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 180 பாகை திரும்பியிருக்கும். புடைப்புக் கெர்னலைப் போட்டால் மேட்டின்மீது விழும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதுபோல் தோன்றும்.

இன்னொருவர்: இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். திருப்பினால்தான் வடிகட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடலாம். ப்ளர் கெர்னலையும் சோபெலையும் முதலிலேயே கன்வல்யூஷன் செய்து ஒரே கெர்னலாக்கினால், படத்தின்மீது ஒருமுறை ஓட்டினால் போதும். கோரிலேஷனுக்கு அந்தப் பண்பு இல்லை.

நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய காரணம் இது, நன்றி. ஓரங்களில் மட்டும் நிரப்பும் முறை குறுக்கிடுவதால் இரண்டு விடைகளும் சற்று வேறுபடும்.

முதலாமவர்: ஆனால் `OpenCV`யின் `filter2D` திருப்புவதில்லையே. அதைப் பயன்படுத்துவோர் எல்லாரும் தவறா?

அது திருப்பாது என்பது உண்மை. அதன் ஆவணமும் அவ்வாறே சொல்கிறது. `scipy.signal.convolve2d` திருப்பும். தவறு என்று நான் சொல்லவில்லை. திருப்பாத செயற்கூற்றுக்கு `convolve` என்று பெயர் வைக்கக் கூடாது என்பதே என் வாதம். பயன்படுத்துவோரின் வழக்கமே பெயரைத் தீர்மானிக்கும் என்கிறீர்கள் நீங்கள். நான் இன்னும் இணங்கவில்லை; மற்ற கேள்விகள் காத்திருப்பதால் இதை இங்கே நிறுத்துகிறேன்.

கேள்வி: விளிம்புப் படத்தில் பளிச்சென்ற இடங்களுக்கு நடுவே கரும்புள்ளிகள் வருகின்றன. இரைச்சலா?

`uint8`. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து நிலப்பத்திரத்தைப் படம் எடுத்தேன். பாதித் தாளில் நிழல் விழுந்திருக்கிறது. எழுத்தைத் தெளிவாக்க விளிம்பு கண்டால், ஒவ்வோர் எழுத்தும் உள்ளே வெறுமையாக இரட்டைக் கோடாகிவிட்டது. என்ன கெர்னல் போடலாம்?

எந்த விளிம்புக் கெர்னலும் உதவாது. பேனாக் கோட்டுக்கு இரண்டு ஓரங்கள் உண்டு, இரண்டையும் காட்டுவதுதான் அதன் வேலை. உங்களுக்குத் தேவை ப்ளர்.

படத்தின் நகல் ஒன்றை மிகப் பெரிய அளவில் மங்கலாக்குங்கள். எழுத்துகள் கரைந்து தாளின் வெளிச்சம் மட்டும் மிஞ்ச வேண்டும். பிறகு மூலப்படத்தை அந்த நகலால் வகுங்கள். வெளிச்சமான பக்கத்தில் தாள் 220, மை 60. நிழலில் தாள் 110, மை 30 என்று வைத்துக்கொண்டால், வகுத்த பின் தாள் இரு பக்கமும் 1 ஆகவும் மை இரு பக்கமும் 0.27 ஆகவும் வந்து நிற்கும். நடைமுறையில் மையும் சராசரியில் சேர்வதால் எண்கள் கொஞ்சம் பிசகும், ஆயினும் 0.6 என்ற ஒரே கோடு போட்டு மையையும் தாளையும் பிரித்துவிடலாம். ப்ளரின் அகலம் எழுத்தின் உயரத்தைப்போல் பல மடங்கு இருக்கட்டும். குறைவாக இருந்தால் தடித்த எழுத்துகளின் நடுப்பகுதி வெளுக்கும். அந்த அறிகுறி தெரிந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால் அதை ஒட்டி ஒரு கறை மிஞ்சும். அதை இந்த முறையால் போக்க முடியாது. நிழல் விழாமல் மறுபடி படம் எடுப்பதே நல்லது.

கேள்வி: ப்ளர் படம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுத்துத் தேய்த்ததுபோல் இருக்கிறது.

விடையை மூலப்படத்திலேயே எழுதுகிறீர்கள். அடுத்த பிக்சல், ஏற்கெனவே மங்கிய இடது, மேல் பிக்சல்களைப் படித்துவிடுகிறது. தனி அணியில் எழுதுங்கள்.

கேள்வி: இதற்குப் பொத்தான்களுடன் ஒரு சாளரம் வைக்க எது நல்லது?

அது என் துறை அன்று. இடைமுகம் எழுதுவோரிடம் கேளுங்கள்.

கேள்வி: `uint8` பற்றி நீங்கள் சொன்னபடி `float` ஆக மாற்றிவிட்டேன். ஆனாலும் வலது ஓரம் தவறாகவே வருகிறது. என் வரி: `(img[:, 2:] - img[:, :-2]).astype(float)`

மாற்றியது காலம் தாழ்ந்து. அடைப்புக்குறிக்குள் கழித்தல் `uint8` ஆகவே நடந்து முடிந்துவிட்டது. 50 − 200 என்பது அங்கேயே 106 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு `float` ஆக்கினால் 106.0 தான் கிடைக்கும், தொலைந்த −150 திரும்பி வராது. படத்தைத் திறந்த அடுத்த வரியிலேயே `img = img.astype(float)` என்று எழுதிவிட்டு, அதன் பின் கழியுங்கள்.