E780 எப்படி மைனஸ் 24.5 ஆகிறது?

கேள்வி: TMP102 வெப்பநிலை சென்சாரை உறைநிலைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பூஜ்யத்துக்கு மேலே சரியாகக் காட்டும் என் நிரல், கீழே இறங்கியதும் 231.5 டிகிரி என்கிறது. என் நிரலுக்கு வரும் எண் 0xE780. அதே நேரத்தில் `i2cget` கட்டளையில் 0x80e7 வருகிறது. எது சரி, இதை எப்படி மைனஸ் ஆக்குவது?

பதில்: உங்கள் நிரலுக்கு வரும் E780தான் சரி. சென்சாரும் ஒழுங்காகவே வேலை செய்கிறது. பெட்டிக்குள் இருப்பது மைனஸ் 24.5 டிகிரி. 231.5 என்பது 256-இலிருந்து 24.5 போக மிச்சம். பூஜ்யத்துக்குக் கீழே போனவுடன் விடை சரியாக 256 கூடிவிடுகிறது என்றால், குறி பிட்டை யாரோ சாதாரண பிட்டாக எண்ணிக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுவோம். ஹெக்ஸில் ஒரு இலக்கம் நான்கு பிட். E என்றால் 1110, 7 என்றால் 0111, 8 என்றால் 1000, கடைசி 0 என்றால் 0000. இந்த சென்சார் வழக்கமான அமைப்பில் 12 பிட் மட்டுமே தருகிறது. அவற்றை 16 பிட் ரெஜிஸ்டரில் இடது பக்கம் ஒட்டி வைத்து, வலது நான்கு பிட்டைப் பூஜ்யமாக விடுகிறது. ஆகவே கடைசி இலக்கத்தைத் தள்ளிவிட்டால் கையில் இருப்பது E78.

முதல் இலக்கம் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் எண் மைனஸ். E அப்படித்தான். இப்போது டூஸ் காம்ப்ளிமென்ட் எடுக்க பைனரிக்குப் போகவே வேண்டாம்: ஒவ்வொரு இலக்கத்தையும் F-இலிருந்து கழித்து, கடைசியில் ஒன்று கூட்டினால் போதும். E-க்கு 1, 7-க்கு 8, 8-க்கு 7. கிடைப்பது 187, ஒன்று கூட்டினால் 188. ஹெக்ஸ் 188 என்பது 256 + 128 + 8 = 392. ஒரு படி 0.0625 டிகிரி, அதாவது பதினாறில் ஒன்று. 392-ஐ 16-ஆல் வகுத்தால் 24.5, முன்னால் மைனஸ் போடுங்கள். முதல் இலக்கம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்தத் தலைகீழ் வேலையைச் செய்யவே கூடாது, நேராக வகுக்க வேண்டும். பூஜ்யத்துக்கு மேலான எண்ணையும் திருப்பிப் போட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய.

நிரலில் தவறு எங்கே வந்திருக்கும்? பெரும்பாலும் `uint16_t` மாறியில் வாங்கி நான்கு பிட் வலப்புறம் தள்ளியிருப்பீர்கள். அப்போது மேலே பூஜ்யங்கள் நுழைந்து 0x0E78 ஆகிறது. அதற்குப் பிறகு `int16_t` ஆக மாற்றினாலும் பயனில்லை. 16 பிட்டில் குறி பிட் இருக்க வேண்டிய உச்சியில் இப்போது 0 இருக்கிறது. 3704 என்ற சாதாரண எண்ணாகத்தான் படிக்கப்படும். 3704-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 231.5 வந்துவிடும். வேண்டியது 0xFE78, அதாவது குறி பிட் மேலே வரை நிரம்பியிருக்க வேண்டும். அதனால் தள்ளுவதற்கு முன்பே குறியுள்ள வகைக்கு மாற்றுங்கள். தள்ளாமலேயே முடிக்கலாம் என்பது இன்னும் நல்லது:

```c
int16_t raw = (int16_t)((buf[0] << 8) | buf[1]);
float t = raw / 256.0f;
```

நான்கு பிட் தள்ளுவது 16-ஆல் வகுப்பது. டிகிரியாக்க இன்னொரு 16. இரண்டும் சேர்ந்துதான் 256. E780 குறியோடு மைனஸ் 6272, அதை 256-ஆல் வகுத்தால் மைனஸ் 24.5. குறியுள்ள மைனஸ் எண்ணை `>>` கொண்டு தள்ளும்போது என்ன ஆகும் என்பதை சி மொழி கம்பைலரிடமே விட்டிருக்கிறது என்பதால், வகுத்தலே எனக்குப் பிடித்த வழி.

இனி 80e7. சென்சார் மேல் பைட்டை முதலில் அனுப்புகிறது. `i2cget` கட்டளையின் `w` முறையோ, முதலில் வந்ததைக் கீழ் பைட் என்று எடுத்துக்கொள்கிறது. பைட்டுகள் இடம் மாறியதைக் கண்டுபிடிக்க இங்கே எளிய அடையாளம் உண்டு: கடைசி இலக்கம் 0 ஆக இருக்க வேண்டும், ஆனால் 7 நிற்கிறது. அப்படியே கணக்கிட்டால் மைனஸ் 127 சொச்சம் வரும். பெட்டிக்குள் ஒரு படி மாறினால் விடை 16 டிகிரி தாவும். நினைவகத்தைப் பார்க்கும்போதும் இதே பொறி இருக்கிறது. வெறும் `hexdump` இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்துக் காட்டுவதால், சாதாரண கணினியில் e7 80 என்று இருப்பது 80e7 எனத் தெரியும். `hexdump -C` போட்டால் பைட்டுகள் இருக்கும் வரிசையிலேயே வரும்.

மாற்றிய நிரலைச் சோதிக்க இந்த மூன்றை உள்ளே கொடுங்கள்: 0x1900-க்கு 25, 0xE700-க்கு மைனஸ் 25, 0xFFC0-க்கு மைனஸ் 0.25 வர வேண்டும். மூன்றாவதற்கு 255.75 வந்தால் குறி இன்னும் எங்கோ தொலைகிறது.