சோல் பிரிந்தால் சப்ளையருக்கு என்ன எழுதுவது? – வாசகர் கேள்வி-பதில்

ஆம்பூர் வாசகர்: வாங்கிய டிபிஆர் சோல் நிறைய பிரிந்து வருகிறது. சப்ளையர், "உங்கள் பசையைப் பாருங்கள்" என்கிறார். எப்படி எழுதினால் ஏற்பார்?

"நிறைய" என்று எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். எத்தனையில் எத்தனை என்று எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய கணக்கின்படி, சோதித்தது 2,000 ஜோடி, பிரிந்தது 54. ஏறக்குறைய 3 சதவீதம். இதை மட்டும் எழுதினால் "எங்கும் நடப்பதுதான்" என்று பதில் வரும். அதே கணக்கை பேட்ச் வாரியாகப் பிரித்தேன். ஒரு பேட்ச்சில் 1,200க்கு 6, அதாவது அரை சதவீதம். இன்னொன்றில் 800க்கு 48, அதாவது 6 சதவீதம். உங்கள் பசையும் ஆட்களும் இரண்டுக்கும் ஒன்றே என்றால், வேறுபாடு பெரும்பாலும் சோலில்தான் இருக்கும். கடிதத்தின் முதல் வரியிலேயே இந்த இரண்டு பேட்ச் எண்களும் இரண்டு விகிதங்களும் இருக்க வேண்டும்.

அப்புறம், பிரிந்த சோலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பசை முழுவதும் அப்பரில் ஒட்டியிருந்து, சோல் பக்கம் துடைத்த மாதிரி இருந்தால் சோலின் மேற்பரப்பிலோ பிரைமரிலோ கோளாறு. பசை சோலோடு வந்து, தோலின் ஃபினிஷும் சேர்ந்து உரிந்திருந்தால் உங்கள் ரஃபிங் போதவில்லை. பசையே இரண்டு பக்கமும் பிளந்து நின்றால் ஹார்டனரையும் காய்ந்த நேரத்தையும் பாருங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கலந்து வைத்த பசை சீக்கிரமே கெட்டுவிடும்.

சோல் பக்கம்தான் என்று பட்டால் ஒரு சோதனை செய்துவிட்டு எழுதுங்கள். இரண்டு பேட்ச்சிலும் ஐந்தைந்து ஜோடி எடுங்கள். அதே பிரைமர், அதே பசை, அதே ஆள், அதே மணி நேரம். ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். ஒரு பேட்ச் மட்டும் எளிதில் பிரிந்து வந்தால் அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். "உங்கள் பசை" என்ற பேச்சு அதோடு அடங்கும்.

வாணியம்பாடி வாசகர்: அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் போட்டுவிட்டோம். பேட்ச் எண் தெரியாமல் புகார் செய்யலாமா?

செய்யலாம், பயன் குறைவு. லேபிளைக் கிழித்துப் போடாதீர்கள் என்று பலமுறை எழுதிவிட்டேன். இப்போதைக்கு டெலிவரி சலான் தேதியை வைத்து எழுதுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: மூலகாரணம் கேட்டோம். "தொழிலாளியின் கவனக்குறைவு. பயிற்சி கொடுத்தாகிவிட்டது" என்று பதில் வந்தது. புகாரை முடித்துவிடலாமா?

முடிக்காதீர்கள். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நான் தரப் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு சப்ளையரிடமிருந்து இதே வரி மூன்று முறை வந்தது, கோளாறும் மூன்று முறை வந்தது. நான்காவது முறை நேரில் போனேன். மோல்டிங் மெஷினில் இருந்த பையன், சோல் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வர அச்சில் சிலிகான் ஸ்ப்ரேயை அளவுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் சொன்ன "கவனக்குறைவு" அதுதான். ஏன் இவ்வளவு அடிக்கிறாய் என்று கேட்டேன். "அடிக்காவிட்டால் சோல் அச்சிலேயே நின்றுவிடுகிறது சார்" என்றான். ஏன் நின்றது? எண்ணிக்கை கூட வேண்டும் என்று ஆறவிடும் நேரத்தை யாரோ குறைத்திருந்தார்கள். சோல் சூடாகவும் இளக்கமாகவும் இருக்கும்போதே எடுக்க வேண்டியதாயிற்று. சிலிகான் படிந்த சோலில் பசை பிடிக்காது. பையனுக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அந்த நேரத்தைத் திருத்தாமல் எதுவும் மாறாது.

ஆகவே திரும்ப எழுதும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கோளாறு ஏன் உண்டானது? உண்டானது ஏன் உங்கள் வாசலைத் தாண்டி எங்களிடம் வந்தது? இரண்டாவதற்கு யாரும் பதில் எழுதுவதில்லை. நான் நேரில் போன அந்த சப்ளையரிடம் அனுப்பும் முன் ஒரு சோலைக்கூட ஒட்டிப் பிரித்துப் பார்த்ததில்லை. மூன்றாவதாக நிரூபணம் கேளுங்கள்: சொன்ன காரணத்தை வைத்துச் செய்தால் சோல் பிரிய வேண்டும், நீக்கிச் செய்தால் பிரியக் கூடாது. அந்த இரண்டு வகையிலும் சில ஜோடிகளை அனுப்பச் சொல்லுங்கள். திருத்தத்துக்குப் பின் வரும் அடுத்த மூன்று பேட்ச்சிலும் எத்தனையில் எத்தனை என்று எண்ணிய பிறகே முடியுங்கள்.

பேரணாம்பட்டு வாசகர்: பதிலுக்கு எத்தனை நாள் பொறுக்கலாம்?

மீதிச் சரக்கை நிறுத்தவும் பிரித்து வைக்கவும் அவர்கள் ஒரு நாளில் பதில் தர வேண்டும். மூலகாரணத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள். ஒரே நாளில் வந்தால் அது யோசிக்காமல் எழுதியது.

மேல்விஷாரம் வாசகர்: மாற்றுச் சரக்கு வந்துவிட்டது. இனி காரணம் கேட்க வேண்டுமா?

மாற்றுச் சரக்கின் பேட்ச் எண்ணைப் பாருங்கள். அதே பேட்ச்சாக இருந்தால் இன்றே கேளுங்கள்.