ஐம்பது பேர் வகுப்பில் வினாடி வினா: கேள்வி பதில்

ஏழாம் வகுப்பில் 50 பேர். கணக்கு மீள்பார்வைக்கு வினாடி வினா வைத்தால் எட்டுப் பேர் மட்டுமே பதில் சொல்கிறார்கள். மற்றவர்களை எப்படிச் சேர்ப்பது?

குழு பிரித்தாலும் அந்த எட்டுப் பேர்தான் பேசுவார்கள். எனவே யார் யாரோடு மோதுகிறார் என்பதைத்தான் மாற்ற வேண்டும். 1970களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டிவ்ரீஸ், எட்வர்ட்ஸ் இருவரும் உருவாக்கிய குழுப்போட்டி முறையைத்தான் நான் சற்று எளிமையாக்கிப் பயன்படுத்துகிறேன்.

கடந்த தேர்வு மதிப்பெண்படி 50 பேரின் பட்டியலை உங்களுக்கு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பேரைப் பத்துக் குழுக்களுக்கு ஒவ்வொருவராகக் கொடுத்து, அடுத்த பத்துப் பேரைக் கடைசிக் குழுவிலிருந்து திரும்பக் கொடுத்துக்கொண்டே வந்தால், ஒவ்வொரு குழுவிலும் எல்லா நிலையினரும் கலந்த ஐந்து பேர் இருப்பார்கள். ஒரு பாடவேளை முழுவதும் குழுவுக்குள் பயிற்சி நடக்கட்டும். இதைத் தவிர்த்தால் மறுநாள் நடப்பது விளையாட்டன்று, தேர்வு.

மறுநாள் குழுக்கள் கலைந்து, அதே பட்டியலில் அடுத்தடுத்து உள்ள மூவர் மூவராக அமர வேண்டும். 14 மூவர் வட்டங்களும் 2 நால்வர் வட்டங்களும் சேர்ந்தால் 50 ஆகிவிடும். வட்டத்தின் நடுவே எண் எழுதிய 20 சீட்டுகளும் வினாத்தாளும் விடைத்தாளும் இருக்கும். ஒருவர் சீட்டை எடுத்து அந்த எண்ணுள்ள வினாவை வாசித்து விடை சொல்ல, அடுத்தவர் விரும்பினால் மறுக்கலாம். மூன்றாமவர் விடைத்தாளைப் பார்த்துச் சொல்வார். சரியாகச் சொன்னவருக்குச் சீட்டு. தவறாக மறுத்தவர், கையில் சீட்டு இருந்தால் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். முடிவில் மூவருக்கும் 6, 4, 2 புள்ளிகள்; நால்வர் வட்டத்தில் 6, 4, 3, 2. பட்டியலின் கடைசி வட்டத்தில் வென்றவளும் தன் குழுவுக்கு 6 புள்ளி கொண்டுவருகிறாள், முதல் மாணவன் கொண்டுவரும் அதே 6. பலகையில் குழுக்களின் மொத்தத்தை மட்டும் எழுதுங்கள். தனியாள் புள்ளியை ஒருபோதும் எழுதாதீர்கள்.

முதலில் கை தூக்குபவருக்குக் கூடுதல் புள்ளி தரலாமா?

வேண்டாம். வேகத்துக்குப் புள்ளி வைத்த நொடியில், யோசிக்கக் கொஞ்சம் நேரம் தேவைப்படும் பிள்ளை வெளியேறிவிடுகிறது.

மெல்லக் கற்பவர்களின் வட்டத்துக்கு எளிய வினாத்தாள் தரலாமா?

எல்லா வட்டத்துக்கும் ஒரே தாள்தான். தாள் வேறானால் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வினாவை வாசிக்கவே திணறும் வட்டத்துக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம். ஆனால் முதலில் வேறு மூன்று வட்டங்களிலும் வாசித்துவிட்டு அங்கே செல்லுங்கள். நேராக அங்கே போய் நின்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

குழுவுக்கு ஒரு பஸ்ஸர் வாங்கலாம் என்றிருக்கிறேன். எது நல்லது?

எதுவும் வேண்டாம். வேகத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

மதிப்பெண் வரிசையில் உட்காரவைப்பதே அவமானம் இல்லையா? என் வகுப்பில் ஒருவன், “இது மக்கு வட்டம்” என்றே சொன்னான்.

நியாயமான கேள்வி. வட்டங்களுக்கு எண் வைக்காமல் வேம்பு, புங்கை என்று பெயர் வையுங்கள். அறையில் அவற்றின் இடத்தையும் கலைத்துவிடுங்கள். ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் வென்றவர் ஒரு வட்டம் மேலேயும் கடைசியில் வந்தவர் ஒரு வட்டம் கீழேயும் செல்ல வேண்டும். ஒரே பிள்ளை இரண்டு முறை தொடர்ந்து வென்றும் அங்கேயே இருந்தால், நீங்கள் நகர்த்த மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

அதே ஆசிரியர்: பெயரை மாற்றினால் பிள்ளைகளுக்குத் தெரியாதா? நான் சிலேட்டை மட்டுமே நம்புகிறேன். 50 பேரும் எழுதி, ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டினால் புள்ளியும் வேண்டாம், வரிசையும் வேண்டாம்.

சிலருக்குத் தெரியும்தான், மறுக்கவில்லை. சிலேட்டு உங்களுக்கு ஒன்றை உடனே காட்டும்: ½ + ⅓ கேட்டு, இருபது சிலேட்டில் ⅖ வந்தால், மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்போது பெயர் சொல்லாமல், “⅖ என்பது ½ஐவிடச் சிறியது, கூட்டிய பிறகு எப்படிக் குறையும்?” என்று வகுப்பு முழுவதையும் கேட்கலாம். ஆனால் தூக்குவதற்கு முன் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து அழித்து எழுதும் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியதும் கவிழ்த்து வைக்கச் சொன்னால் அது குறையும், நிற்காது. மேலும், சிலேட்டில் பிள்ளை தவறைக் காட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறது. வட்டத்தில் விளக்கம் கேட்டு வாதாடுகிறது. நான் பாடத்தின் நடுவே சிலேட்டும் முடிவில் வட்டமும் வைக்கிறேன். நீங்கள் இதை ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும்.

என் மகள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருக்கிறாள். வீட்டில் என்ன விளையாடலாம்?

இது 50 பேருக்கான முறை. அவளுடைய கணக்கு ஆசிரியரிடம் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று முதலில் கேளுங்கள்.

50 பேர் பேசினால் பக்கத்து வகுப்பு கத்துகிறதே?

விளையாட்டை 15 நிமிடத்தில் நிறுத்துங்கள். சீட்டு மீதமிருந்தாலும் பரவாயில்லை. கையில் உள்ளதை எண்ணிப் புள்ளி போடலாம்.

வேகமாகப் பதில் சொல்பவருக்குச் சிறு பரிசாவது…

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: வேண்டாம்.