0.92 வந்துவிட்டதே, போதாதா?

கேள்வி: பிசியோதெரபி முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்காகக் கைப்பிடி வலுவை டைனமோமீட்டரில் அளக்கிறேன். கருவியின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்க, சிகிச்சை எதுவும் பெறாத 30 பேரை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்தேன். ஒட்டுறவுக் கெழு 0.92 வந்தது. கைடு திருப்தியாகிவிட்டார். இப்போது ஒரு நோயாளிக்கு 6 வாரச் சிகிச்சையில் 24 கிலோ 27 ஆகியிருக்கிறது. முன்னேற்றம் என்று எழுதலாமா? பட்டியலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு மாணவி, கோவை

பதில்: அந்த ஒரு நோயாளியைப் பற்றி இப்போதைக்கு அப்படி எழுத முடியாது, சகோதரி. 0.92 தப்பான கணக்கு இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அதில் இல்லை.

முதல் வாரம் வலுவாகப் பிடித்தவர்கள் அடுத்த வாரமும் மற்றவர்களைவிட வலுவாகப் பிடித்தார்களா என்பதை மட்டும்தான் ஒட்டுறவுக் கெழு பார்க்கிறது. இரண்டு முறையும் அதே கிலோ வந்ததா என்று பார்ப்பதில்லை. இரண்டாம் வார எண்கள் ஒவ்வொன்றோடும் 10 கிலோ கூட்டிவிட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். அப்போதும் அதே 0.92 வரும்.

உங்கள் பட்டியலில் முதல் வாரச் சராசரி 28 கிலோ, இரண்டாம் வாரம் 29.5. சிகிச்சையே இல்லாமல் 1.5 கிலோ ஏறியிருக்கிறது. இத்தனை பேரில் இவ்வளவு ஏற்றம் வந்தால் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. கருவியை முதன்முதலாகப் பிடித்தவர்களுக்கு அடுத்த முறை எப்படி அழுத்துவது என்று பிடிபட்டிருக்கலாம். கைப்பிடியின் நிலையோ முழங்கையின் மடிப்போ மாறியிருக்கலாம். குறிப்பேட்டில் அவற்றைப் பதிந்திருந்தால் இப்போதே தெரிந்துவிடும். இனி அளப்பவர்களுக்கு, கணக்கில் சேர்க்காத ஒரு பழக்கச் சுற்றை முதலில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டாம் அளவிலிருந்து முதல் அளவைக் கழித்து ஒரு பத்தி போடுங்கள். நான் போட்டுப் பார்த்தேன்: அதன் திட்ட விலக்கம் 2.8 கிலோ. இதை √2 ஆல் வகுத்தால் ஒரு தடவை அளப்பதில் உள்ள பிழை கிடைக்கும், சுமார் 2 கிலோ. நீங்கள் ஒப்பிடுவது இரண்டு அளவுகளை, இரண்டிலும் பிழை உண்டு. அதனால் எல்லை விரிகிறது:

```
1.96 × 2.8 ≈ 5.5
1.5 − 5.5 = −4.0
1.5 + 5.5 = +7.0
```

பிளாண்ட், ஆல்ட்மன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் இருவர் 1986இல் லான்செட் இதழில் எழுதிப் பரவலாக்கிய முறை இது. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே, நூற்றில் 95 பேருக்கு இரண்டாம் அளவு 4 கிலோ இறங்குவதிலிருந்து 7 கிலோ ஏறுவது வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். உங்கள் நோயாளியின் 3 கிலோ இதற்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. அவருக்கு வலு கூடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூடியிருக்கலாம். இந்த இரண்டு அளவுகளை மட்டும் வைத்து அதை நிறுவ முடியாது, அவ்வளவுதான்.

இவ்வளவு பிழை இருந்தும் கெழு 0.92 ஆக வந்ததற்குக் காரணம் உங்கள் 30 பேர்தான். ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும் கலந்திருப்பதால் அவர்களுக்கிடையிலான திட்ட விலக்கமே 7 கிலோ. அந்த விரிவுக்கு முன்னால் 2 கிலோ பிழை சின்னதாகத் தெரிகிறது. ஒரே வயதுப் பெண்களை மட்டும் எடுத்து, அவர்களுக்குள் திட்ட விலக்கம் 4 கிலோவாக இருந்தால், இதே கருவியில் இதே பிழைக்குக் கெழு 0.75 அளவுக்கு இறங்கிவிடும். எனவே வேறொரு ஆய்வின் கெழுவோடு உங்களுடையதை ஒப்பிட்டுச் சந்தோஷப்படவும் வேண்டாம், சோர்ந்துபோகவும் வேண்டாம். கிலோவில் சொன்ன பிழையைத்தான் ஒரு மருத்துவர் நாளை எடுத்துப் பயன்படுத்த முடியும்.

ஆய்வேட்டில் நம்பகத்தன்மைக்கென ஓர் எண் வேண்டுமென்றால் ஐசிசி எனப்படும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழுவைக் கொடுங்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் `Reliability Analysis` பகுதியில் `Two-Way Random` தேர்ந்தெடுத்து, `Type` என்ற இடத்தில் `Absolute Agreement` வையுங்கள். `Consistency` என்றே விட்டால் அந்த 1.5 கிலோ ஏற்றம் கணக்கிலேயே வராது. உங்கள் தரவில் வித்தியாசம் சிறியது, 0.92 என்பது 0.90 ஆகும். ஏற்றம் பெரிதாக இருக்கும் தரவில் இந்த ஒரு தேர்வு முடிவையே மாற்றிவிடும்.

சிகிச்சைக் குழுவின் சராசரி வேறு விஷயம். 25 நோயாளிகளின் சராசரியை எடுத்தால் 5.5 என்ற தற்செயல் எல்லை √25 ஆல் வகுபட்டு 1.1 கிலோவாகச் சுருங்கும். அங்கே 3 கிலோ மாற்றத்துக்கு அர்த்தம் உண்டு. ஆனால் பழக்கத்தால் வந்திருக்கக்கூடிய அந்த 1.5 கிலோ, எத்தனை பேரைச் சேர்த்தாலும் சுருங்காது. அதைக் கழிக்க, அதே 6 வார இடைவெளியில் சிகிச்சையின்றி அளக்கப்பட்ட ஓர் ஒப்பீட்டுக் குழு வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு நேரம் பிடிக்குமாதலால், கைடிடம் இந்த வாரமே பேசுங்கள்.