கேஷ் அவுட் 122 பவுண்டு என்கிறது: எடுக்கலாமா?

"ஐந்து கால்பந்து ஆட்டங்களைச் சேர்த்து 10 பவுண்டு அக்யூமுலேட்டர் போட்டேன். நான்கு ஜெயித்துவிட்டன. நாளை மாலை வெஸ்ட் ஹாம் சொந்த மைதானத்தில் ஜெயித்தால் 310 பவுண்டு வரும். இப்போதே எடுத்துக்கொள்வதானால் 122 பவுண்டு தருகிறார்களாம். அதே ஆப்பில் வெஸ்ட் ஹாம் 2.10, டிரா 3.50, எதிரணி 3.40 என்று இருக்கிறது. இந்த 122 எங்கிருந்து வந்தது? நியாயமான விலைதானா?"
— வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

நியாயமான விலையைவிடக் கிட்டத்தட்ட 18 பவுண்டு குறைவு. எப்படி என்று உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

முதலில் அந்த மூன்று ஆட்ஸையும், அதாவது ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் திரும்ப வரும் தொகைகளையும், சதவீதமாக மாற்றுங்கள். 1-ஐ 2.10-ஆல் வகுத்தால் 47.6 சதவீதம். டிராவுக்கு 28.6, எதிரணிக்கு 29.4. மூன்றையும் கூட்டினால் 100 வர வேண்டும், ஆனால் 105.6 வருகிறது. அந்தக் கூடுதல் 5.6-தான் புக்மேக்கரின் மார்ஜின். அதைக் கழித்துப் பார்க்க 47.6-ஐ 1.056-ஆல் வகுக்க வேண்டும். வெஸ்ட் ஹாம் ஜெயிக்க உண்மையான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் என்று வரும். 310-இல் 45 சதவீதம் என்றால் ஏறக்குறைய 140 பவுண்டு. உங்கள் சீட்டின் இன்றைய மதிப்பு அதுதான். நான்கு ஆட்டங்கள் முடிந்துவிட்டதால் அவற்றை மறந்துவிடலாம். இப்போது உங்கள் கையில் இருப்பது வெஸ்ட் ஹாம் மேல் ஒரே ஒரு பந்தயம், அவ்வளவுதான்.

சிலர் 310-ஐ 2.10-ஆல் வகுத்துவிட்டு, "147 வர வேண்டுமே, 122தானே தருகிறார்கள்" என்று கோபப்படுவார்கள். அந்தக் கணக்கு சரியல்ல. 2.10 என்பது அவர்கள் உங்களுக்கு விற்கும் விலை, அதில் அவர்களுடைய லாபம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. கேஷ் அவுட்டில் நீங்கள் சீட்டைத் திருப்பி விற்கிறீர்கள். நகைக்கடையில் வாங்கும் விலை ஒன்று, அதே நகையைத் திருப்பிக் கொடுத்தால் எடுக்கும் விலை வேறு என்பதுபோல இங்கேயும் இரண்டு விலை உண்டு. வித்தியாசம் என்னவென்றால், திருப்பி எடுக்கும் விலையை ஆட்ஸாக எங்கேயும் காட்டமாட்டார்கள். பவுண்டுத் தொகையாக மட்டும் பெரிய பொத்தானில் காட்டுவார்கள்.

அதை நீங்களே ஆட்ஸாக மாற்றிக்கொள்ளலாம். வரக்கூடிய மொத்தத் தொகையை, தருவதாகச் சொல்லும் தொகையால் வகுங்கள். 310-ஐ 122-ஆல் வகுத்தால் 2.54. மார்ஜினே இல்லாத விலை 2.22-க்குப் பக்கத்தில் இருக்க, உங்களிடமிருந்து 2.54 கணக்கில் திருப்பி வாங்குகிறார்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலையாவது செய்துவிடுங்கள்.

ஆக, பந்தயம் போடும்போது ஒருமுறை மார்ஜின் கொடுத்தீர்கள், வெளியே வரும்போது இன்னொரு முறை கொடுக்கிறீர்கள். இதை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இதே 2.10-இல் 10 பவுண்டு போட்ட அடுத்த நொடி கேஷ் அவுட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். ஆட்டத்தில் எதுவுமே மாறியிருக்காது, ஆனாலும் பெரும்பாலும் 10 காட்டாது. உங்களுக்குச் சொன்ன அதே விகிதம் என்றால் 8 பவுண்டு 26 பென்ஸ் காட்டும். அந்தப் பந்தயத்தின் உண்மை மதிப்பு சுமார் 9.47. உள்ளே வந்ததற்கு 53 பென்ஸ், வெளியே போவதற்கு இன்னொரு 1.21. வெளியே போகும் வாசலில்தான் கட்டணம் அதிகம்.

பல ஆட்டங்கள் இன்னும் முடியாமல் இருக்கும்போது கேஷ் அவுட் எடுத்தால் நிலைமை இதைவிட மோசம். மீதியிருக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தலா 5 சதவீதம் வெட்டினால், மூன்று ஆட்டத்தில் மதிப்பு 0.95 × 0.95 × 0.95, அதாவது 86 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அக்யூமுலேட்டரில் இந்தப் பொத்தானை இவ்வளவு முன்னால் கொண்டுவந்து நீட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்புறம், கேஷ் அவுட்டில் கைக்கு வந்த பணம் அடுத்த பந்தயத்துக்குப் போனால், அதே பணத்தின் மேல் மூன்றாவது மார்ஜின் விழும்.

சரி, பணத்தை உறுதிசெய்துகொள்ள வேறு வழி உண்டா? உண்டு. வெஸ்ட் ஹாம் ஜெயிக்காத இரண்டு முடிவுகளின் மேலும் தனியாகப் பந்தயம் போடுவது முதல் வழி. டிராவில் 88.57 பவுண்டு, எதிரணியில் 91.18. எது நடந்தாலும் 310 வரும். செலவு 179.75 போக 130 பவுண்டு மிச்சம். அதே ஆப்பிலேயே, அவர்களுடைய ஆட்ஸிலேயே, கேஷ் அவுட்டைவிட 8 பவுண்டு கூடுதல். இரண்டாவது வழி பந்தயம் கட்டுபவர்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சில் வெஸ்ட் ஹாமை 'லே' செய்வது, அதாவது ஜெயிக்காது என்று எதிர்ப்பக்கம் நிற்பது. லே விலை 2.24, கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 139.64 பவுண்டுக்கு லே செய்ய வேண்டும். இரு பக்கமும் சுமார் 137 உறுதியாகும்.

ஆனால் இரண்டுக்குமே நாளைவரை 173 முதல் 180 பவுண்டு முடங்கிக் கிடக்கும். அந்தப் பணம் கையில் சும்மா இருந்தால் மட்டும் செய்யுங்கள். வாடகைப் பணத்தையோ கடன் வாங்கிய பணத்தையோ தொட வேண்டும் என்றால் 8 பவுண்டை விட்டுவிடுங்கள். ஊரில் இருப்பவர்கள் இதைப் பார்த்து முயல வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை இந்தியாவில் 2025 சட்டம் தடைசெய்துவிட்டது.

விலை மோசம் என்பதாலேயே கேஷ் அவுட் எடுத்தவர் எல்லாம் ஏமாந்தவர் என்று நான் சொல்லமாட்டேன். 2015-16 சீசனில் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் பட்டம் வெல்லும் என்று 5000-க்கு 1 விலையில் 50 பவுண்டு கட்டிய ஒரு ரசிகர், 2016 மார்ச்சில் சுமார் 72,000 பவுண்டுக்கு வெளியேறினார். காத்திருந்தால் 250,000. வகுத்துப் பார்த்தால் 3.47, அதாவது லெஸ்டருக்கு 29 சதவீத வாய்ப்புதான் என்ற விலைக்கு விற்றிருக்கிறார், அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோது. குறைந்த விலைதான். ஆனாலும் 72,000 பவுண்டு ஒருவருடைய வாழ்க்கையையே மாற்றும் தொகை, அதை இழக்கும் பயத்துக்கு அவர் ஒரு விலை கொடுத்தார். உங்கள் 122 அப்படிப்பட்ட தொகையா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயமாக இருந்தால் பகுதி கேஷ் அவுட் எடுங்கள். பாதியை விற்றால் 61 பவுண்டு கைக்கு வரும், மீதிப் பாதிக்கு 155 வரும் வாய்ப்பு அப்படியே இருக்கும். விற்ற பாதிக்கு மட்டும்தான் அந்தக் கட்டணம்.

ஆட்டம் தொடங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பொத்தானை அழுத்தியதும் சில நொடி தாமதம் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் கோலோ பெனால்டியோ விழுந்தால் பழைய தொகை ரத்தாகிவிடும், சந்தையையே நிறுத்திவிடுவார்கள், திரும்ப வரும்போது புதிய விலை. உங்கள் டிவியில் படமும் அவர்களுக்கு வரும் தகவலைவிடப் பிந்தித்தான் வரும். எனவே எதிரணி கோலை நெருங்கும்போது முந்திக்கொண்டு அழுத்திவிடலாம் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். விற்பது என்று முடிவெடுத்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே, மேலே சொன்ன 122, 130, 137 என்ற மூன்று தொகைகளையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு விற்றுவிடுங்கள்.