ஒரு கோடி ரூபாய் ரோடு வந்தால் ஊருக்கு எவ்வளவு வருமானம்?

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் ஒரு கோடி ரூபாய்க்கு ரோடு போடப் போகிறார்கள். அரசு செலவு செய்யும் ஒரு ரூபாய் இரண்டரை ரூபாய் ஆகும், அதனால் ஊருக்கு இரண்டரைக் கோடி வருமானம் என்று வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். இல்லாத பணம் எங்கிருந்து வரும்? நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இதை நம்பிக் கூடுதல் சரக்கு எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். அவர் சொன்ன இரண்டரை கற்பனை எண் அல்ல. ஆனால் அது நாடு முழுவதற்கும் போட்ட கணக்கு. உங்கள் பேரூராட்சி எல்லைக்குள் நிற்கப்போவது அதில் சிறு பங்குதான்.

முதலில், இல்லாத பணம் எங்கிருந்தும் வருவதில்லை. நோட்டு அதேதான். அது கை மாறும்போதெல்லாம் வாங்கிக்கொண்டவருக்கு வருமானம் ஆகிறது. ரோடு வேலை செய்தவருக்கு 1,000 ரூபாய் கூலி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 400 ரூபாயைக் கடன் அடைக்கவும் சீட்டுக் கட்டவும் ஒதுக்கிவிட்டு 600 ரூபாயைச் செலவு செய்கிறார். அந்த 600 வேறு சிலருக்கு வருமானம். அவர்களும் அதே விகிதத்தில் 360 செலவு செய்தால், அது இன்னும் சிலருக்கு வருமானம். அடுத்து 216, அதற்கடுத்து சுமார் 130. இப்படித் தேய்ந்துகொண்டே போகும் தொகைகளை எல்லாம் கூட்டினால் 2,500 வரும். ஒவ்வொரு சுற்றிலும் ரூபாய்க்கு 40 பைசா விலகிப் போவதால்தான் கணக்கு அங்கே நிற்கிறது. சுருக்குவழி இதுதான்: 1 ÷ (1 − 0.6) = 2.5. அரசு வேலைகளை வைத்து இந்தக் கணக்கை 1931இல் முறையாகப் போட்டவர் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் கான். 1936இல் அதைத் தன் கோட்பாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தவர் இன்னொரு பொருளாதார அறிஞரான கெயின்ஸ். பள்ளிப் பாடத்தில் ‘பெருக்கி’ என்று படித்திருப்பீர்களே, அதுதான்.

பாடப்புத்தகம் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒரு விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். கூட்ட வேண்டியது வருமானத்தை, விற்றுமுதலை அல்ல. உங்கள் கடையில் ஒருவர் 1,000 ரூபாய்க்குப் பெயின்ட் வாங்கினால் உங்களுக்கு நிற்பது, ஒரு பேச்சுக்கு, 120 ரூபாய். மீதி 880 பெயின்ட் கம்பெனிக்கும் விநியோகஸ்தருக்கும் வரிக்கும் போகிறது. நாட்டுக் கணக்கில் அந்த 880இல் பெரும்பகுதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வேறோர் ஊரில் யாருக்கோ அது சம்பளமாகவோ லாபமாகவோ மாறும். ஊர்க் கணக்கில் அது போனது போனதுதான். எல்லை சுருங்கச் சுருங்கப் பெருக்கியும் சுருங்கும்.

உங்கள் ரோட்டையே எடுத்துக்கொள்வோம். நான் வைக்கும் எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் போக்கு இப்படித்தான் இருக்கும். ஒரு கோடியில் கணிசமான பங்கு தாருக்கும் டீசலுக்கும் போகும். இவற்றின் மூலம் கச்சா எண்ணெய். அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. ஆகவே அந்தப் பணம் ஊரை மட்டுமல்ல, நாட்டையே தாண்டுகிறது. ஜல்லி பக்கத்து ஊர்க் குவாரியிலிருந்து வரலாம். தார்க் கலவை இயந்திரம், ரோலர் எல்லாம் ஒப்பந்தக்காரருடையவை. அவர் வெளியூர்க்காரராக இருந்தால் லாபமும் வெளியே போய்விடும். உள்ளூர்க் கூலி, டிராக்டர் வாடகை, தண்ணீர் லாரி, சாப்பாட்டுச் செலவு என்று 25 லட்சம் ஊர்க்காரர்களின் வருமானமாக நின்றால் அதுவே நல்ல நிலைமை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ரூபாய்க்கு 20 பைசா மட்டும் உள்ளூரில் மறுபடி வருமானமாகிறது என்றால், 25 லட்சம், 5 லட்சம், 1 லட்சம், அப்புறம் சில்லறை. மொத்தம் 31 லட்சத்துக்குச் சற்று மேல். உங்கள் சங்கத்தில் பேசியவர் சொன்னது இரண்டரைக் கோடி!

அவர் சொன்ன எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. டெல்லியில் உள்ள தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தைச் சேர்ந்த சுகன்யா போஸ், என்.ஆர். பானுமூர்த்தி இருவரும் 2013இல் இந்தியாவுக்கான பெருக்கிகளைக் கணக்கிட்டார்கள். சாலை, பாலம் போன்ற மூலதனச் செலவுக்கு 2.45 வந்தது. மக்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் தொகைகளுக்கு 0.98தான். மூலதனச் செலவில் ரோடு போட்ட கூலி மட்டுமல்லாமல், ரோடு வந்த பிறகு தனியார் போடும் முதலீடும் சேர்ந்துகொள்வதால் அந்த எண் பெரிது. ஒரே வருடத்தில் கைக்கு வந்துவிடும் தொகையாக அதை எண்ணக் கூடாது.

நேரடிப் பணம் என்றால் எப்போதும் பெருக்கி குறைவு என்றும் முடிவுகட்ட வேண்டாம். கென்யாவின் சியாயா பகுதிக் கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம், அதாவது அரசு அல்ல, 10,000க்கும் அதிகமான ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து அளந்தபோது உள்ளூர்ப் பெருக்கி 2.5ஐ ஒட்டி வந்தது. பணம் வாங்காத குடும்பங்களின் செலவும் உயர்ந்தது. விலைவாசியோ ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் ஏறியது. காரணம் இரண்டு. பணம் தாருக்கும் டீசலுக்கும் போகாமல் நேராக உள்ளூரில் செலவழிப்பவர்கள் கையில் விழுந்தது. அங்கிருந்த மாவு மில், தையல் கடை, பெட்டிக்கடை எல்லாம் ஆள் வராமல் பாதி நேரம் சும்மா இருந்தவை. கூட்டம் வந்ததும் புது முதலீடு இல்லாமலேயே கூடுதலாக உழைத்துக் கொடுக்க முடிந்தது.

இந்த இரண்டாவது காரணம்தான் பெருக்கியின் உயிர். ஆளும் இயந்திரமும் சும்மா இருந்தால்தான் புதுச் செலவு புது வருமானமாகும். உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே வீடு கட்டும் வேலை மும்முரமாக நடந்து, கொத்தனாருக்குக் காத்திருக்க வேண்டிய நிலை என்றால், ரோட்டு வேலை அங்கிருந்துதான் ஆளை இழுக்கும். ஜல்லி விலை ஏறும், சிலர் வீட்டு வேலையைத் தள்ளிப்போடுவார்கள். ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் குறையும். அரசு கணக்கில்லாமல் செலவு செய்துகொண்டே போக முடியாததற்கும் இது ஒரு காரணம். அப்போது பெருகுவது விலைதான். மந்தமான நேரத்தில் இதே ரோடு கூடுதல் பலன் தரும்.

இனி உங்கள் கடை. ஒப்பந்தக்காரர் பெரிய சரக்கை உங்களிடம் வாங்க வாய்ப்பு குறைவு. மண்வெட்டி, பாண்டுச் சட்டி, கட்டுக்கம்பி, கையுறை என்று சில்லறையாக வரும், அதுவும் கடனாக. வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்றி, பில் பாஸான பிறகுதான் அவருக்கே பணம் வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பெருக்கியை நம்பி அவருக்குக் கடனை ஏற்றிவிடாதீர்கள்.

உங்களுக்கு வர வேண்டியது இரண்டாவது சுற்று. உள்ளூர் ஆட்கள் வாரக்கூலி வாங்க ஆரம்பித்துச் சில வாரம் கழித்து வீட்டுக்குக் குழாய் மாற்றுவது, சுவிட்ச் மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது என்று வருவார்கள். வேலை தொடங்கியதும் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். ஆட்கள் உள்ளூரா, வெளியூரிலிருந்து வந்து ஷெட் போட்டுத் தங்குபவர்களா? கூலி வாரம் தவறாமல் கிடைக்கிறதா? ஷெட்டில் தங்குபவர்கள் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தங்கள் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களால் மளிகைக்கடைக்கும் டீக்கடைக்கும் வியாபாரம் உண்டு, உங்களுக்கு அதிகம் இராது. உள்ளூர் ஆட்கள் என்றால், வழக்கமாக ஓடும் குழாய், மின்சாமான்களை மட்டும் கொஞ்சம் கூட்டி எடுங்கள். மூன்று வாரம் விற்பனையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆர்டரைப் போடலாம்.