ஸ்காபரோவில் ஷோரூம் திறப்பு விழா: ஆரைக் கூப்பிடுறது?

"அண்ணா, ஸ்காபரோவில கிச்சின் கபினெற் ஷோரூம் திறக்கப்போறன். விழாவுக்கு 10,000 டொலர் வைச்சிருக்கிறன். எந்த மண்டபம், என்ன சாப்பாடு, ஆரைக் கூப்பிடலாம்?"

தம்பி, மண்டபம் வேண்டாம். லாச்சியை இழுத்துப் பார்க்காத சனம் கபினெற் வாங்காது, ஷோரூமிலேயே வையுங்கோ. சாப்பாடு உங்கட விருப்பம். ஆனா ஆர் விலை சொன்னாலும் 13 வீத எச்.எஸ்.ரி. வரி சேர்த்ததோ எண்டு கேளுங்கோ. சேர்க்காட்டி உங்கட 10,000க்கு 8,850 டொலர் சாமான்தான் வரும்.

எங்கட ஆக்களின்ர திறப்பு விழாக்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். பொன்னாடை, அரசியல்வாதியோட படம், ரேடியோ விளம்பரம், சொந்தக்காரர் நிறைஞ்ச கூட்டம். அடுத்த கிழமை ஒரு போனும் வராது. நீங்கள் வியாழன் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, வேலை முடிஞ்சு வாற கொன்ராக்ரர்மாரையும் வீடு விக்கிற ஏஜென்ற்மாரையும் தனியாக் கூப்பிடுங்கோ. வீட்டுக்காரர் கிச்சின் மாத்துறது 15, 20 வருசத்துக்கு ஒருக்கா. கொன்ராக்ரர் ஒவ்வொரு வருசமும் ஆள் கூட்டிவருவார். சொந்தக்காரருக்கும் பொதுச்சனத்துக்கும் சனிக்கிழமை போதும்.

காசில 2,500ஐ விழாவில தொடாதேங்கோ. அது பின்னால அளவெடுக்கப் போற ஆளுக்கும், போன் எடுக்கிற ஆளுக்கும்.

வாசலில பெயர் எழுதுற கொப்பி உதவாது. கபினெற்றுக்குப் பக்கத்தில நிண்டு கதைக்கேக்க அட்டை நிரப்புங்கோ: எந்த ஊர், எப்ப செய்யப் போறீங்கள், சொந்த வீடோ, ஆர் சொல்லி வந்தீங்கள். மின்னஞ்சல் அனுப்பச் சம்மதம் எண்ட கட்டத்தில அவையே அடையாளம் போடவேணும். 2014இல வந்த ஸ்பாம் தடைச் சட்டப்படி, விசாரிச்சவருக்கு அந்தச் சம்மதம் இல்லாமல் ஆறு மாதம் மட்டும்தான் விளம்பரம் அனுப்பலாம். கிச்சின் யோசிக்கிறவை அதுக்கு மேலயும் யோசிப்பினம்.

இப்பிடி வைப்பம்: 40 அட்டை, 15 வீட்டில அளவெடுப்பு, 5 ஓடர். ஒரு ஓடர் பிடிக்க 2,000 செலவு. ஒரு கிச்சினில செலவெல்லாம் போக 4,000 மிஞ்சினால் விழாவுக்குப் போட்ட காசு திரும்பி வரும். 1,500தான் மிஞ்சுமெண்டால் வராது. ஆனா முதல் மாதத்தில கணக்கை மூடாதேங்கோ, ஆறு மாதம் விடுங்கோ. அளவெடுத்த பிறகும் ஓடர் வராட்டி உங்கட விலையையோ அளவெடுக்கப் போன ஆளையோ பாருங்கோ. அட்டையே சேராட்டி, பிழை அழைப்புப் பட்டியலில.

நான் வந்த புதுசில, பனிக்காலத்தில, ஒரு இத்தாலியரின்ர பட்டறையில கதவுகளுக்கு மணல்தாள் தேய்ச்சனான். இங்கிலிசு வராது, தூசியில மூச்சு முட்டும். அந்த மனுசன் விசாரிச்ச ஒவ்வொருவரையும் கொப்பியில எழுதி, பக்கத்தில அடுத்துப் போன் எடுக்கிற திகதியைப் போடுவார். ஓடர் வந்தா ஆர் அனுப்பினது எண்டும் எழுதுவார். நத்தாருக்கு அந்தக் கொன்ராக்ரர்மாரின்ர வீடுகளுக்கு வைன் போத்தல் கொண்டுபோறது என்ர வேலை. பிறகு நான் கடை போடேக்க முதல் கூப்பிட்டது அந்தக் கொன்ராக்ரர்மாரைத்தான்.